பாஸ்போட்டைக் கேட்கும் அந்த ஐந்து நிமிடம்: மலையக விடுதிகளில் வெளிநாட்டு விருந்தினரின் பதிவு அட்டையை நிரப்பும் முறை

ஹப்புத்தளையில் ஒரு சிறிய விடுதியின் ரிசெப்ஷனில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். இரவு ஒன்பது மணி இருக்கும், வெளியே கை தெரியாத பனி. ஒரு ஜெர்மன் தம்பதியின் அறைக் கதவைத் தட்டி, "உங்கள் பாஸ்போட்டை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், பொலிஸில் கேட்கிறார்கள்" என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கதவு பாதிதான் திறந்திருந்தது. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப் போனதை இன்றும் மறக்கவில்லை. இரண்டு இரவுக்குப் பதிந்திருந்தவர்கள் மறுநாள் விடிந்ததும் புறப்பட்டுவிட்டார்கள்.

அவர்கள் பக்கம் ஒரு தப்பும் இல்லை. பாஸ்போட் இலக்கத்தை நான் ஓர் எழுத்துக் கூட்டி எழுதியிருந்தேன், அவ்வளவுதான். அந்த இரவுக்குப் பிறகு இந்த வேலையை மாற்றிச் செய்யத் தொடங்கினேன். கெஸ்ட் ஹவுஸ், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கும் ரிசெப்ஷனில் புதிதாக நிற்கும் பிள்ளைகளுக்கும் அந்த முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அட்டையைச் சரிசெய்யுங்கள்

பல விடுதிகளில் இன்றும் பழைய அட்டையையே போட்டோக்கொப்பி எடுத்துப் பாவிக்கிறார்கள். தகப்பன் பெயர், தொழில், மதம், திருமணமானவரா என்றெல்லாம் அதில் கேள்விகள் இருக்கும். யாரும் அவற்றைப் படிப்பதில்லை. ஆனால் பத்து மணிநேரம் விமானத்திலும் ஆறு மணிநேரம் வான் வண்டியிலும் வந்து இறங்கிய ஒருவருக்கு, மதம் என்ற கட்டத்தைக் கண்டதும் "இது எதற்கு?" என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வி எழுந்த பிறகு மற்றக் கட்டங்கள் எல்லாமே சந்தேகமாகத்தான் தெரியும்.

தேவையானவை இவைதான். பாஸ்போட்டில் உள்ளபடி முழுப்பெயர், நாடு, பிறந்த திகதி, பாஸ்போட் இலக்கம், அது முடியும் திகதி, இலங்கைக்குள் வந்த திகதி, விசா முடியும் திகதி, எங்கிருந்து வந்தார், அடுத்து எங்கே போகிறார், தொடர்பு இலக்கம், கையெழுத்து. உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையம் வெளிநாட்டு விருந்தினரின் பட்டியலைக் கேட்பதுண்டென்றால், என்னென்ன விபரம் வேண்டும் என்று ஒருமுறை நேரில் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். நிலையத்துக்கு நிலையம் கேட்பது கொஞ்சம் மாறும். அவர்கள் கேட்காததையும் உங்களுக்குத் தேவைப்படாததையும் அட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அட்டையின் தலைப்பில் மூன்று வரி அச்சடியுங்கள்: இங்கே தங்கும் எல்லா வெளிநாட்டு விருந்தினரும் இதை நிரப்புகிறார்கள், அதிகாரிகள் கேட்டால் மட்டும் இதைக் காட்டுவோம், உங்கள் பாஸ்போட்டை நாங்கள் வைத்துக்கொள்ள மாட்டோம். ஆங்கிலத்தில் எளிமையாக இருந்தால் போதும். வாயால் சொல்லும்போது வார்த்தை தடுமாறினாலும் அச்சில் இருப்பது தடுமாறாது.

முன்பதிவு செய்தவருக்கு வழி சொல்லி அனுப்பும் செய்தியிலேயே, "வந்ததும் பாஸ்போட்டைப் பார்த்து ஒரு அட்டை நிரப்புவோம், சில நிமிடம்தான்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பாதிப் பேர் பாஸ்போட்டைக் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே வருவார்கள்.

எந்த நேரத்தில் கேட்பது

வாகனத்திலிருந்து இறங்கிய கையோடு கேட்காதீர்கள். மலையேறி வருகிறவர்களில் பலருக்கு வளைவுகளில் தலை சுற்றியிருக்கும். இருக்க இடம், ஒரு தேத்தண்ணி, அறை தயாராக இருக்கிறது என்ற ஒரு சொல். இந்த மூன்றும் முதலில். அறை உறுதி என்று தெரிந்த பிறகு கேட்டால் பாஸ்போட் ஒரு சாதாரண வேலை. அதற்கு முன் கேட்டால் அறை கிடைப்பதற்கே அதுதான் நிபந்தனை என்பதுபோல் தோன்றும்.

அதற்காக இரவுச் சாப்பாடு வரைக்கும் தள்ளிப்போடவும் கூடாது. அறைக்குள் போய்க் குளித்து உடை மாற்றியவரின் கதவைத் தட்டிக் கேட்பது எப்போதுமே கெட்ட செய்திபோல் ஒலிக்கும். நான் அன்று செய்த தப்பில் பாதி அதுதான்.

நல்லதண்ணி பக்கம் விடுதி நடத்துகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரையுள்ள பருவத்தில் இரவு பத்து மணிக்கு வந்து, இரண்டு மணிக்கு சிவனொளிபாதமலை ஏறப் புறப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். "காலையில் பார்ப்போம், பாஸ்போட் இங்கேயே இருக்கட்டும்" என்று வாங்கி லாச்சியில் போட்டுவிட்டு நீங்கள் தூங்கப் போனால், அவர் மலையில் நிற்கும் நேரம் முழுக்க மனசு உங்கள் லாச்சியில்தான் இருக்கும். வந்தவுடனேயே எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

என்ன சொல்வது, எந்த ஒழுங்கில் சொல்வது

பாஸ்போட்டைக் கொடுக்கிறவரின் மனதில் மூன்று கேள்வி இருக்கும். எதற்கு, யார் பார்ப்பார்கள், எப்போது திரும்பக் கிடைக்கும். நீங்கள் கை நீட்டுவதற்கு முன்பே மூன்றுக்கும் பதில் வந்துவிட வேண்டும்.

நான் சொல்வது இப்படி: "இங்கே தங்கும் எல்லா வெளிநாட்டு விருந்தினருக்கும் இந்த அட்டையை நிரப்புவோம். உங்கள் பாஸ்போட்டைப் பார்த்து இலக்கத்தை எழுதிக்கொள்கிறேன், உங்களுக்கு எழுத்து வேலை மிச்சம். இதோ இந்த மேசையிலேயே எழுதிவிட்டு இப்போதே தருகிறேன்." மூன்று வசனம். "எல்லாருக்கும்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தன்னை மட்டும் பிடித்துக் கேட்கிறார்கள் என்ற நினைப்பை அறுப்பது அந்தச் சொல்தான்.

சில சொற்களைத் தவிர்க்கலாம். "நோ ப்ரொப்ளம், நோ ப்ரொப்ளம்" என்று நாம் நல்ல மனதோடுதான் சொல்கிறோம். கேட்கிறவரோ, பிரச்சினை என்ற பேச்சு ஏன் வந்தது என்று யோசிப்பார். "மஸ்ட்" என்ற சொல் கட்டளையாக விழும். "பொலிஸ்" என்பதை முதல் வசனத்தில் வைக்காதீர்கள்.

ஆனால் அவர் கேட்டால் மறைக்கவும் வேண்டாம். "இது பொலிசுக்குப் போகுமா?" என்று நேரே கேட்பவர்கள் உண்டு. "ஆம், கேட்டால் பட்டியலைக் காட்டுவோம், எல்லா விடுதியிலும் அப்படித்தான்" என்று அதே குரலில் சொல்லுங்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது பல வெளிநாட்டவருக்குத் தெரியும். அதைத் தொட்டு, "இப்போதும் ஏதாவது அபாயமா, அதனால்தான் கேட்கிறீர்களா?" என்று கேட்பார்கள். "இல்லை, இது நாளாந்தப் பதிவு, போன மாதம் வந்தவரும் இதைத்தான் நிரப்பினார்" என்று சொல்லிப் பதிவுப் புத்தகத்தின் தடிப்பைக் காட்டுங்கள். தடிப்பை மட்டும். புத்தகத்தைத் திறந்து முந்தியவரின் பக்கத்தைக் காட்டினால், நாளை தன் பக்கத்தையும் இப்படித்தான் காட்டுவார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

எழுதும்போது

பாஸ்போட்டை அவர் கண்ணெதிரே வைத்து எழுதுங்கள். உள் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். கொப்பி மெஷின் உள்ளே இருக்கிறதென்றால் அவரையும் கூடவே வரச் சொல்லுங்கள், அல்லது மெஷினை வெளியே கொண்டுவாருங்கள். பாஸ்போட் தன் கண்ணிலிருந்து மறையாதவரை அநேகமாக யாரும் பதறுவதில்லை.

இனி, என்னை அந்த இரவில் கதவு தட்ட வைத்த பிழை. படமுள்ள பக்கத்தின் அடியில் இரண்டு நீள வரிகள் இருக்கும், வரிக்கு 44 எழுத்து. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு மாதிரிக்காகத் தரும் கற்பனைப் பாஸ்போட்டில் அவை இப்படி இருக்கும்:

```
P<UTOERIKSSON<<ANNA<MARIA<<<<<<<<<<<<<<<<<<<
L898902C36UTO7408122F1204159ZE184226B<<<<<10
```

முதல் வரியில் நாட்டின் குறியீட்டுக்குப் பின் குடும்பப் பெயர், இரட்டை அம்புக்குறிக்குப் பின் சொந்தப் பெயர். எது குடும்பப் பெயர் என்று விருந்தினரைக் கேட்டுக் குழம்பத் தேவையில்லை, இந்த வரியே சொல்லிவிடும். இரண்டாவது வரியில் முதல் ஒன்பது எழுத்துத்தான் பாஸ்போட் இலக்கம்: `L898902C3`. அதை ஒட்டி நிற்கும் `6` இலக்கத்தின் பகுதி அல்ல. மெஷின் சரிபார்ப்பதற்காகச் சேர்த்த இலக்கம் அது. நான் அன்று அதையும் சேர்த்துப் பத்து எழுத்தாக எழுதிவிட்டேன். பட்டியலைப் பார்த்த பொலிஸ்காரருக்கு இலக்கம் பொருந்தவில்லை, திரும்ப அழைத்துவிட்டார்.

அதனால் மேலே வலப்பக்கத்தில் தனியாக அச்சிட்ட இலக்கத்தைப் பார்த்து எழுதுங்கள், பிறகு கீழ் வரியின் முதல் ஒன்பதோடு ஒப்பிடுங்கள். இலக்கம் ஒன்பதைவிடக் குறைவான நாடுகளில் மிச்ச இடத்தை `<` நிரப்பியிருக்கும், அதை எழுத வேண்டாம். பூச்சியமா `O` எழுத்தா என்ற குழப்பமும் அடிக்கடி வரும். ஜெர்மன் பாஸ்போட் இலக்கத்தில் `O` எழுத்தே வராது, வட்டமாக எது தெரிந்தாலும் பூச்சியம்தான். மற்ற நாடுகளுக்குச் சந்தேகமிருந்தால் அவர் எதிரே இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். அப்போது அது சின்னக் கேள்வி.

திகதியும் அப்படித்தான். அமெரிக்கர் தன் கையால் எழுதினால் மாதம் முதலில் வரும். 04/07 என்றால் ஏப்ரல் 7. நம்மவர் அதை ஜூலை 4 என்று படிப்பார். மாதத்தை எழுத்தில் எழுதினால் தீர்ந்தது. இதற்காகவே அட்டையை நீங்கள் நிரப்பி, விருந்தினர் படித்துப் பார்த்துக் கையெழுத்து வைப்பது நல்லது.

கொப்பி எடுக்க விடமாட்டேன் என்றால்

நெதர்லாந்திலிருந்து வந்த இரண்டு பேர், முப்பது வயதுக்குள். அட்டையை மகிழ்ச்சியாக நிரப்பினார்கள். கூட நின்ற பையன் தன் சொந்தப் போனை எடுத்துப் பாஸ்போட்டைப் படம் பிடிக்கப் போனதும் இருவரின் கையும் ஒன்றாகப் பாஸ்போட்டின் மேல் விழுந்தது. பையன் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டான்.

அவனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நெதர்லாந்துக்காரருக்குத் தனிப்பட்ட குடிமகன் இலக்கம் ஒன்று இருக்கிறது, பாஸ்போட்டிலும் அது வரும். அந்த இலக்கமும் படமும் தப்பான கையில் போனால் அவர் பெயரில் மோசடி செய்யலாம் என்று அவர்களின் அரசே எச்சரிக்கிறது. இலக்கத்தை மறைத்து, எதற்கான கொப்பி என்று மேலே எழுதிக்கொள்ள `KopieID` என்ற செயலியையும் அரசே கொடுத்திருக்கிறது. ஆகவே அவர்கள் மறுத்தது நம்மைக் கள்ளனாக நினைத்து அல்ல. ஊரில் பழகிய பழக்கம் அது.

அன்று நான் பையனின் போனை உள்ளே வைக்கச் சொன்னேன். பாஸ்போட் இலக்கத்தைக் கையால் எழுதினேன். வந்த திகதி முத்திரையுள்ள பக்கத்தை அவர்களையே திறந்து காட்டச் சொல்லி அதையும் எழுதினேன். "கொப்பி வேண்டாம், எழுதியது போதும்" என்றேன். நிர்வாகம் கொப்பி கட்டாயம் என்று சொல்லும் இடமானால், அவர்கள் தங்கள் போனிலேயே அந்தக் குடிமகன் இலக்கத்தை மறைத்து, விடுதியின் பெயரையும் திகதியையும் மேலே எழுதி, விடுதியின் மின்னஞ்சலுக்கு அனுப்பட்டும். எழுத வேண்டிய விபரம் எதுவும் அதில் குறையப்போவதில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊழியரின் சொந்தப் போனில் பாஸ்போட்டைப் படமெடுத்து, விடுதியின் வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் மலையகம் முழுக்க இருக்கிறது. அந்தக் குழுவில் சமையல்காரரும் வான் சாரதியும் வேலையை விட்டுப்போனவரும் இருப்பார்கள். நம் நாட்டிலேயே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்தப் படம் யாரிடம் போகிறது என்று விருந்தினர் கேட்டால் நேரான பதில் சொல்ல முடியாத எதையும் செய்யாதீர்கள். அட்டைகள் பூட்டும் அலுமாரியில், சாவி ஒருவரிடம். பழையவற்றைக் கழிக்கும்போது கிழித்து எரியுங்கள், கடைக்காரருக்குப் பொட்டலம் கட்டக் கொடுக்க வேண்டாம்.

பாஸ்போட் கையில் இல்லாதவர், நாள் கடந்தவர்

பாஸ்போட்டை இன்னொரு ஹோட்டலின் பெட்டகத்திலோ, வாடகைக்கு வாகனம் கொடுத்தவரிடமோ விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. போனில் படம் இருந்தால் அதைப் பார்த்து எழுதி, "படம் பார்த்து எழுதியது" என்று ஓரத்தில் குறித்துவிடுங்கள். அசல் எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் பழக்கத்தில் ஆதார் அட்டையை நீட்டுவார். "இங்கே நீங்கள் வெளிநாட்டு விருந்தினர் அல்லவா, பாஸ்போட் இலக்கம்தான் எழுத முடியும்" என்று சிரித்துச் சொன்னால் முடிந்தது.

விசா முடியும் திகதி கடந்திருப்பதாகத் தெரிந்தால் மற்றவர்கள் முன் சொல்லாதீர்கள். நீட்டிப்பு கிடைத்து அது வேறு தாளிலோ மின்னஞ்சலிலோ இருக்கலாம். "இதற்குப் பிறகு நீட்டிப்பு ஏதாவது இருக்கிறதா?" என்று மட்டும் மெதுவாகக் கேளுங்கள். இருந்தால் அதை எழுதுங்கள். இல்லையென்றால், பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தோடு உடனே பேசச் சொல்லுங்கள். கண்டதை அப்படியே எழுதுங்கள், அவர் கேட்டாலும் திகதியை மாற்றி எழுத வேண்டாம். விசாரிப்பது உங்கள் வேலையும் இல்லை.

நம் மொழி பேசும் வெளிநாட்டவர்

கடைசியாக வைத்தாலும், எனக்கு மிகக் கனமானது இதுதான். ஒரு டிசம்பரில் டொரொன்டோவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய தாய். மகன் ஐந்து கனேடியப் பாஸ்போட்டையும் மேசையில் வைத்தார். புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்றைத் திறந்து, பிறந்த இடத்தைப் பார்த்து, "ஆ, யாழ்ப்பாணமா!" என்று சந்தோஷமாகச் சத்தம் போட்டாள். சோபாவில் இருந்த அம்மா எழுந்து மேசைக்கு வந்துவிட்டார்.

"உதை ஏன் தம்பி எழுதுறியள்? பொலிசுக்கோ குடுக்கப் போறியள்?"

2007 ஜூன் மாதம் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோரை அதிகாலையில் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது நின்றது. அந்தக் காலத்தில் லொட்ஜில் பெயர் பதிவது என்றால் என்ன என்பது இந்த வயதுத் தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் மலையகத்திலும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு ஒரு கடதாசி இல்லாமல் நாடற்றுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நாம். என் பாட்டி துண்டுக் கடதாசிகளைத் தகரப்பெட்டியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருப்பார். அந்த அம்மாவின் கேள்வி எனக்கு அந்நியமாக இருக்கவில்லை.

எழுந்து நின்று சொன்னேன்: "அம்மா, வெளிநாட்டுப் பாஸ்போட்டில் வருகிற எல்லாருக்கும் இதே அட்டைதான். வெள்ளைக்காரருக்கும் இதுதான். பொலிஸில் கேட்டால் காட்டுவோம், மறைக்க மாட்டேன். ஆனால் பிறந்த ஊர் எது, என்ன ஆள் என்று இதில் ஒரு கட்டமும் இல்லை, நீங்களே பாருங்கோ." அட்டையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தார். நான் அவசரப்படுத்தவில்லை. மற்ற நால்வரின் பாஸ்போட்டையும் எழுதி ஒவ்வொன்றாக மகனின் கையில் கொடுத்தேன். அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் தன்னுடையதைத் தந்தார்.

அந்தப் பிள்ளைக்குப் பின்னர் தனியாகச் சொன்னேன். பாஸ்போட்டில் கண்ட பிறந்த இடத்தையோ வயதையோ பெயரையோ சத்தமாகப் படிக்கக் கூடாது, ஊரைப் பற்றி அவர்களாகப் பேசினால் பேசலாம். இப்படியான சங்கடம் வரக் கூடாது என்பதற்காகவே அட்டையில் பிறந்த இடம் என்ற கட்டத்தை நாங்கள் வைப்பதில்லை. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் இலங்கை அடையாள அட்டையைத் தந்தால் அதையே எழுதுங்கள். பழையதென்றால் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதென்றால் பன்னிரண்டு இலக்கம். உள்ளூர்க் கட்டணமா வெளிநாட்டுக் கட்டணமா என்ற பேச்சைப் பாஸ்போட் கையில் இருக்கும்போது எடுக்காதீர்கள், அதை முன்பதிவிலேயே முடித்துவிட வேண்டும்.

அம்மாவின் அட்டையை எழுதி முடித்து, கையெழுத்துக்காகப் பேனாவோடு நீட்டினேன்.

"தமிழிலை வைக்கலாமோ தம்பி?"

"பாஸ்போட்டில் எப்படி வைத்திருக்கிறீங்களோ அப்படியே வையுங்கோ அம்மா."

பாஸ்போட்டைத் திறந்து காட்டினார். அதிலும் தமிழில்தான் இருந்தது.